அரியரை எப்படிச் சொல்வது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் விடுப்பு விண்ணப்பம் வாங்கிப் படித்தவள் நான். "காய்ச்சல், ரெண்டு நாள் வரவில்லை" என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு வரும் பிள்ளையை மறுகேள்வி கேட்டதில்லை. காய்ச்சல், பாட்டிக்கு உடம்பு சரியில்லை, பஸ் வரவில்லை, மழை என்று நாலு காரணம் எழுதி வந்தால்தான் நிமிர்ந்து பார்ப்பேன். நாலுமே உண்மையாக இருக்கலாம். ஆனாலும் படிக்கிறவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

போன மாதம் இந்த நினைப்பு மறுபடி வந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன், பெயர் வேண்டாம், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்திருக்கிறான். வெளிநாட்டில் எரிசக்தி சம்பந்தமான முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறான். அதற்கு எழுதிய நோக்க அறிக்கையைக் கொண்டுவந்து, "டீச்சர், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றான். எனக்கு இன்ஜினியரிங் தெரியாது. ஆனால் ஒருவர் எழுதியதைப் படித்தால் எந்த இடத்தில் பயந்து எழுதியிருக்கிறார் என்பது தெரியும்.

அவன் பயந்த இடம் அரியர். மூன்று பாடம். முதல் செமஸ்டரில் மெட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். மூன்றாம் செமஸ்டரில் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் என்கிற கணக்குப் பாடமும் தெர்மோடைனமிக்ஸும். எல்லாவற்றையும் ஐந்தாம் செமஸ்டருக்குள் முடித்துவிட்டான். ஆனால் அறிக்கையின் இரண்டாவது பத்தியே இதுதான். தமிழ் வழியில் படித்தவன், முதல் வருஷம் டெங்கு வந்தது, பாடம் எடுத்தவர் நடுவில் மாறிவிட்டார், அந்த முறை கேள்வித்தாள் கடினம், வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் தவறினார்கள், துரதிர்ஷ்டவசமாக நானும் தவறினேன். முக்கால் பக்கம்!

அவனுடைய அம்மாவுக்கு வேறு கவலை. "அரியர்னு எழுதவே வேணாம் டீச்சர். பாஸ் ஆனதுதானே கணக்கு? படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார்கள்.

அம்மாவுக்கு முதலில் பதில் சொன்னேன். மறைக்க முடியாது. இங்கே அரியர் தேர்வு தனியாக நடப்பதில்லை. நவம்பர்-டிசம்பரிலும் ஏப்ரல்-மேயிலும் நடக்கிற செமஸ்டர் தேர்வோடு சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். முதல் செமஸ்டர் பாடத்தை எந்த மாதம் பாஸ் செய்தான் என்பது மதிப்பெண் சான்றிதழ்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே தெரியும். அதுவும் போக, பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் 'பேக்லாக் சர்டிபிகேட்' என்று தனியாகவே கேட்கின்றன. காகிதத்தில் இருப்பதைக் கடிதத்தில் விட்டுவிட்டால் படிக்கிறவர் தானாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார். அது நம் காரணத்தைவிட மோசமாகத்தான் இருக்கும்.

அடுத்தது பையனுக்கு. "இதைப் படிக்கிறவர் உன்னிடம் கேட்கிற கேள்வி என்ன?" என்றேன்.

"ஏன் ஃபெயிலானேன்னு, டீச்சர்."

இல்லை. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் நான் கல்வி உளவியல் தாளில் தவறி, அடுத்த தேர்வில்தான் தேறினேன். உறவுகளில் பலருக்கு இது இன்றைக்குத்தான் தெரியும். முதல் வேலைக்குப் போன பள்ளியில் சான்றிதழைப் பார்த்த பெரியவர் ஒருவர், "இந்தத் தாள் ரெண்டாவது தடவையா?" என்றார். அப்பாவின் உடம்பு, விடுதிச் சாப்பாடு, திருத்தியவர் என்று நான் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிம்மா, இப்போ அந்தப் பாடம் தெரியுமா?" என்றார். அதற்குத்தான் நான் பதிலே வைத்திருக்கவில்லை.

கேள்வி அதுதான். எரிசக்திப் படிப்பில் ஓர் இடத்தை இவனுக்குக் கொடுக்கப்போகிற பேராசிரியருக்கு, தெர்மோடைனமிக்ஸில் ஏன் தவறினான் என்பதில் பெரிய அக்கறை இல்லை. இங்கே வந்து அதைவிடக் கடினமான பாடத்தில் தாக்குப்பிடிப்பானா என்பதுதான் அவர் கவலை. நாம் முன்னதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் தற்காப்பு மாதிரித் தெரிகிறது. பின்னதற்குப் பதில் சொன்னால் தகவலாகத் தெரிகிறது.

சரி, அதற்கு என்ன சாட்சி? "அப்புறம் பாஸ் பண்ணிட்டேனே" என்றான். அது பாதிச் சாட்சிதான். ஒரே பாடத்தை இரண்டாம் தடவை படித்தால் யாருக்கும் கொஞ்சம் வரும். தவறிய பாடத்தின் மேல் ஏறி நிற்கிற அடுத்த பாடம் ஒன்று இருக்கும், அதுதான் முழுச் சாட்சி. ஐந்தாம் வகுப்பில் பின்னம் வராத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் விகிதம் வந்துவிட்டால், பின்னம் புரிந்துவிட்டது என்று தனியாகச் சான்றிதழ் வேண்டாம் அல்லவா?

மதிப்பெண் சான்றிதழ்களைத் தரையில் பரப்பி வைத்து இருவரும் தேடினோம். "தெர்மோடைனமிக்ஸ் தெரியாவிட்டால் பின்னால் எந்தப் பாடம் படுத்துப்போகும்?" என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னான், ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர். அதில் கணக்கும் வேண்டும், தெர்மோவும் வேண்டும். ஆறாம் செமஸ்டர் பாடம். அதில் அவன் வாங்கியது ஏ பிளஸ்! நாலாம் செமஸ்டரிலிருந்து புதிதாக ஒரு பாடம்கூடத் தவறவில்லை. இந்த இரண்டும் அவனுடைய முக்கால் பக்கத்தில் எங்குமே இல்லை. டெங்குக்கு நாலு வரி இருந்தது.

பிறகு காரணத்துக்கு வந்தோம். "இத்தனையில் எது உண்மையான காரணம்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "வங்கிக் கேள்வி பதிலை மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன் டீச்சர். எண்ணை மாத்திக் கேட்டா வராது." டெங்கு வந்தது நிஜம். ஆனால் அது முதல் செமஸ்டரில். மூன்றாம் செமஸ்டருக்கு அது பதில் ஆகாது. மனப்பாடம் எல்லாவற்றுக்கும் பதில்.

முக்கால் பக்கம் ஒரு பத்தியாக ஆனது. அவன் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"முதல் மூன்று செமஸ்டர்களில் மூன்று பாடங்களில் தவறினேன். அவற்றில் ஒன்றை மூன்றாம் முறையில் தேறினேன். ஐந்தாம் செமஸ்டருக்குள் அனைத்தையும் முடித்தேன். அப்போது நான் விடைகளை மனப்பாடம் செய்து படித்தேன். நாலாம் செமஸ்டர் முதல் ஒவ்வொரு கணக்கையும் விடையைப் பார்க்காமல் முதலிலிருந்து போட்டுப் பழகினேன். அதன்பின் புதிதாக எந்தப் பாடத்திலும் தவறவில்லை. இதே அடிப்படைகள் தேவைப்படும் ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபரில் ஏ பிளஸ் பெற்றேன்."

அவ்வளவுதான். வருத்தம் தெரிவிக்கவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. 'துரதிர்ஷ்டவசமாக', 'வெறும்', 'மட்டுமே', 'மற்றவர்களும்' ஆகிய சொற்களைத் தேடித்தேடி எடுத்தோம். தற்காப்பு ஒளிந்திருப்பது அந்தச் சொற்களில்தான். பத்தியின் இடத்தையும் மாற்றினோம். கடைசி வருஷ புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு இது வருகிறது. படிக்கிறவர் முதலில் அவனைத் தெரிந்துகொள்ளட்டும், அப்புறம் அரியரைத் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொரு சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. விண்ணப்பப் படிவத்தில் 3 என்று போட்டிருந்தான். சான்றிதழில் 4 என்று இருந்தது. ஏன்? டிரான்ஸ்ஃபார்ம்ஸில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை தேறினான். மற்ற இரண்டிலும் ஒவ்வொரு தடவை. பாடத்தை எண்ணினால் 3, தவறிய தடவையை எண்ணினால் 4. இரண்டுமே சரி. ஆனால் இரண்டு காகிதத்தில் இரண்டு எண் இருந்தால் பொய் மாதிரித் தெரியும். எந்தக் கணக்கு வேண்டும் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்கச் சொன்னேன். தவறிய தடவைகளைச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. படிவத்தில் 4 என்று திருத்தினான்.

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களும் இதைக் கவனியுங்கள். 'ஸ்டாண்டிங் அரியர்' என்றால் இன்னும் முடிக்காதது. 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' என்றால் எப்போதாவது இருந்து முடித்தது. முதல் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதுகிற வேகத்தில் இரண்டாவதற்கும் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். பிறகு சான்றிதழ் சரிபார்க்கும்போது, அரியர் பிரச்சினையாக இருக்காது, பொய்தான் பிரச்சினையாக இருக்கும்.

இந்த வழி எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் இத்தனை அரியருக்கு மேல் எடுப்பதில்லை என்று விதியே இருக்கும். அங்கே எந்தக் கடிதமும் உதவாது. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பாடம், அடுத்த முறையே தேறியது என்றால், படிவத்தில் கேட்ட இடத்தில் மட்டும் சொல்லுங்கள், கடிதத்தில் பத்தி வேண்டாம். உண்மையிலேயே நோய் அல்லது வீட்டில் மரணம்தான் காரணம் என்றால், எந்த மாதம் என்ன நடந்தது என்று ஒரே வரியில் எழுதி, மருத்துவச் சான்றைத் தயாராக வைத்திருங்கள். அந்த மாதமும் தவறிய தேர்வின் மாதமும் பொருந்த வேண்டும். ஏறி நிற்கிற பாடத்திலும் மதிப்பெண் சுமார்தான் என்றால், இல்லாததைக் கட்டிச் சொல்லாதீர்கள். எப்போது முடித்தீர்கள் என்று மட்டும் எழுதி நிறுத்துங்கள். உங்களுக்குப் பாடம் எடுத்த ஒருவர் பரிந்துரைக் கடிதத்தில் உங்கள் மாற்றத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினால், அது நீங்கள் எழுதும் பத்து வரியைவிடப் பலம்.

பையன் மூன்று இடங்களுக்குப் போட்டான். ஓர் இடத்தில் இல்லை என்றுவிட்டார்கள். ஓர் இடத்திலிருந்து பதில் வரவில்லை. மூன்றாவது இடத்தில் இணையவழி நேர்காணல் நடந்தது. "தெர்மோவில் தவறியிருக்கிறாயே" என்று ஆரம்பித்தவர், அவன் பதில் சொன்னதும் ஹீட் டிரான்ஸ்ஃபரில் ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டாராம். பத்து நிமிஷம் அதைப் பற்றியே பேசினார்களாம். இடம் கிடைக்குமா, தெரியாது. ஆனால் பேச்சு அரியரில் நிற்காமல் பாடத்துக்குப் போனது. எனக்கு அது போதும்.

அம்மாவிடம் அவன் இதைச் சொன்னபோது நான் போனில் இருந்தேன். "அப்போ அவங்க ஒண்ணும் கேவலமா நினைக்கலையா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாற்பது வருஷம் முன்னால் என் அம்மாவும் கேட்டிருப்பார்கள், நான் சொல்லியிருந்தால்.

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது இப்படி ஒரு பத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மதிப்பெண் சான்றிதழ்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் நான் ஒரு வரிகூடத் திருத்த மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்