மூன்று கையெழுத்து, ஒருவர் தலையில் கடன்

“பேங்க்கே கையெழுத்துப் போட்டிருக்கு, அப்புறம் என்ன பயம்?” கட்டுமானத்தில் இருக்கும் ஃப்ளாட்டை வாங்கப் போகிறவரிடம் விற்பனைப் பிரதிநிதி சொல்வது இது. வாங்குபவரின் மாமனாரும் மைத்துனரும் அதையே சொல்வார்கள். பில்டர், வாங்குபவர், வங்கி மூவரும் போடும் முத்தரப்பு ஒப்பந்தத்தைப் பலர் படிக்காமலே கையெழுத்திடுவதற்கு இந்த நம்பிக்கைதான் காரணம். இது தவறு என்பதோடு, ஆபத்தானதும்கூட.

வங்கி அந்தத் தாளுக்குள் ஏன் வருகிறது? கடன் கொடுக்கும் நாளில் அடமானமாகப் பிடிக்க வீடு இல்லை. நிலத்தின் பிரிபடாத பாகம் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தாலும் அதன்மேல் தூண்கள்தான் நிற்கும். அதனால் வங்கி பில்டரிடம் சில வாக்குறுதிகளை எழுதி வாங்குகிறது: உங்களைக் கேட்காமல் ஒதுக்கீட்டை ரத்து செய்யமாட்டோம், வேறு யாருக்கும் மாற்றமாட்டோம், பத்திரத்தை நேரே உங்களிடம் தருவோம், ரத்தானால் பணத்தை முதலில் உங்களுக்கே அனுப்புவோம். இத்தனையும் வங்கியின் பணத்துக்கான காவல். வீடு குறித்த காலத்தில் முடியும் என்று வங்கி எங்கும் சொல்வதில்லை. மாறாக, கட்டடம் தாமதமானாலும், பில்டருடன் தகராறு வந்தாலும், கடன்தாரர் தவணையைத் தொடர்ந்து கட்டுவார் என்ற வரி அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும்.

இந்த வரியைப் படிக்காதவர்கள்தான், வேலை நின்றதும் இ.எம்.ஐ.யை நிறுத்துகிறார்கள். வங்கிக்கு வலித்தால் அது பில்டரை நெருக்கும் என்று கணக்கு. நடப்பது வேறு. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஃப்ளாட் விலை 80 லட்சம். கைக்காசு 16 லட்சம் கட்டியாயிற்று. 64 லட்சம் கடனில் வங்கி இதுவரை பில்டருக்கு விடுவித்தது 38.4 லட்சம். 8.5 சதவீதத்தில் வட்டி மட்டுமே மாதம் 27,200 ரூபாய். வேலை நிற்கிறது. இரண்டு வருடம் வட்டி கட்டியவர் வெறுத்துப்போய் நிறுத்துகிறார். இப்போது ஒப்பந்தப்படி தவறியவர் பில்டர் அல்ல, அவர்தான். ஒதுக்கீட்டை ரத்து செய்து பணத்தைத் திருப்பச் சொல்லி வங்கி பில்டருக்கு எழுதுகிறது. பில்டருக்குக் கொண்டாட்டம், வாங்கியவரின் தவறால் ரத்து என்று விற்பனை ஒப்பந்தப்படி விலையில் 10 சதவீதம், 8 லட்சம், பிடித்துக்கொள்கிறார். 54.4 லட்சத்தில் மீதி 46.4. அதில் வங்கி தன் 38.4 லட்சத்தை எடுத்துக்கொள்ள, மிச்சம் 8 லட்சம். கைக்காசில் பாதி போயிற்று. கட்டிய வட்டி 6.5 லட்சம் எந்தக் கணக்கிலும் வராது. வாராக்கடன் என்ற பெயர் வேறு.

இதே ஆள் தவணையை நிறுத்தாமல், வங்கியையும் ஒரு தரப்பாகச் சேர்த்து, ரெரா சட்டத்தின் 18ஆம் பிரிவில் மனு போட்டிருந்தால், சொன்ன தேதியில் வீடு தராத பில்டரிடமிருந்து முழுத் தொகையையும் வட்டியுடன் கேட்டிருக்கலாம். பிடித்தம் என்ற பேச்சே எழாது. அப்போதும் கடனுக்குக் கட்டிய வட்டியைத் தனியாக வாங்கிவிட முடியாது. வாங்கியவரின் கடன் வட்டிக்குக் கட்டித் தருபவர் பொறுப்பில்லை என்று மொஹாலி வளர்ச்சி ஆணைய வழக்கில் 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“வங்கி பணத்தைக் கண்மூடிக் கொடுக்குமா?” என்பார்கள். கொடுத்திருக்கிறது. கட்டுமான நிலைக்கு ஏற்பவே பணத்தை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொன்னது. அதையும் மீறி டெல்லியைச் சுற்றிய திட்டங்களில், வீடு கைக்கு வரும்வரை தவணையை பில்டரே கட்டுவார் என்ற ஏற்பாட்டில் பெரும் தொகைகள் பில்டர்களுக்குப் போயின. பில்டர் கட்டுவதை நிறுத்தியதும் வங்கிகள் திரும்பியது வாங்கியவர்கள் பக்கம். வங்கி – பில்டர் கூட்டு பற்றி விசாரிக்க 2025இல் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆகவே தாளை வாங்கி முதலில் தேட வேண்டியது, யார் கேட்டால் பணம் விடுவிக்கப்படும் என்ற பத்தியை. பில்டரின் டிமாண்ட் லெட்டர் மட்டும் போதும் என்றிருந்தால், ஒவ்வொரு ஸ்லாபுக்கும் என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விடுவிக்க வேண்டாம் என்று வங்கிக்குக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடுத்து ரத்துப் பத்தி. பில்டர் தவறினால் பிடித்தம் கிடையாது என்று அதில் தனியே எழுதியிருக்கிறதா?

“எங்கள் அச்சடித்த படிவம், மாற்ற முடியாது” என்பார் வங்கி அதிகாரி. அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பிடித்தம் பிறப்பது பில்டருடன் போடும் விற்பனை ஒப்பந்தத்தில். அதைத் திருத்தக் கேட்கலாம். அதைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்கிறது ரெராவின் 13ஆம் பிரிவு. பேரம் பேச அந்த இடைவெளிதான் இருக்கிறது. முத்தரப்பு ஒப்பந்தம் மேசைக்கு வருவது அதற்குப் பிறகு.