ஐந்தும் ஆறும் எங்கே?

இரண்டு ஒப்பந்தப் பிரதிகளை ஒப்பிட்டு "என்னென்ன மாறியிருக்கு?" என்று பட்டியல் போடுவது சுலபமான குமாஸ்தா வேலை என்று பலருக்கும் நினைப்பு. ஒரு பிரதியில் பக்கங்கள் காணாமல் போயிருந்தால்தான் தெரியும் சேதி!

ஒரு கடை வாடகை ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். பழைய வரைவு முழுதாக இருக்கிறது. கையெழுத்தான பிரதி ஸ்கேனாக வந்திருக்கிறது. அடியில் "பக்கம் 4 / 10" என்றிருக்க, அடுத்து வருவது 7. ஐந்தும் ஆறும் ஒரே தாளின் இரண்டு பக்கங்கள். ஸ்கேன் செய்தபோது அந்தத் தாள் விடுபட்டுப் போயிருக்கும். (பெரும்பாலும் சதியெல்லாம் இல்லை, அவசரம்தான்.)

இதை எழுத்தாக மாற்றி வேர்டின் ஒப்பிடும் வசதியில் போட்டால், அந்த இரண்டு பக்கமும் சிவப்புக் கோட்டோடு "நீக்கப்பட்டது" என்று வரும். அதைப் பார்த்து பட்டியலிலும் "நீக்கம்" என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. பார்க்காததை நீக்கியதாகச் சொல்வது பொய். பழைய பிரதியில் பக்கம் குறைந்தால் இதே கதை தலைகீழாக நடக்கும், எல்லாம் "புதிதாகச் சேர்த்தது" ஆகிவிடும். பட்டியலில் "ஒப்பிட முடியவில்லை" என்று தனியாக ஒரு இடம் வேண்டும்.

அதற்காக, காணாமல் போன பக்கங்களைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது என்றில்லை. 4ஆம் பக்கம் 8ஆவது பிரிவின் நடுவில் முடிகிறது. 7ஆம் பக்கத்தில் மின்கட்டணம் 15ஆவது பிரிவாக வருகிறது. பழைய வரைவில் அது 14. ஆக, இடையில் எங்கோ ஒரு எண் கூடியிருக்கிறது. இன்னும் கீழே போனால், "11ஆம் பிரிவில் சொன்ன மூன்று மாத முன்னறிவிப்பு" என்று ஒரு வரி. பழையதில் முன்னறிவிப்பு 10ஆவது பிரிவு, அதுவும் இரண்டு மாதம்தான்! அப்படியானால் அந்த கூடுதல் பிரிவு முன்னறிவிப்புக்கு முன்னாலேயே நுழைந்திருக்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் ஊகம். பழைய 9ஆவது பிரிவையே இரண்டாக உடைத்திருக்கலாம். ஒன்றை எடுத்துவிட்டு இரண்டைச் சேர்த்திருக்கலாம். "மூன்று மாதம்" என்பது வெறும் தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். எனவே "கண்ணால் பார்த்த மாற்றம்" என்ற வரிசையில் இது சேராது. எந்தப் பக்கத்து எந்த வரியை வைத்து ஊகித்தது என்ற குறிப்போடு தனியாக எழுதுவதுதான் நியாயம். கடை எடுத்தவர் அந்தப் பட்டியலை நம்பி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து மாட்டிக்கொண்டால், அட்வான்ஸில் ஒரு மாத வாடகை போய்விடுமே!

அந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கும்போதும் ஒரு சங்கதி உண்டு. பழைய வரைவின் ஐந்தையும் ஆறையும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். வந்த தாளின் ஓரத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறதா, 4ஆம் பக்கத்தில் பாதியில் நின்ற வாக்கியம் அங்கே சரியாகத் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதால், அப்படிப் பதிவானதென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனு போடலாம். அதில் பத்துப் பக்கமும் இருக்கும்.