சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வீடியோ எடுக்கிறீங்களா? 'ஓகே' சொன்னா போதுமா, கையெழுத்து வாங்கணுமா?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் சாயங்காலம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காலேஜ் விட்டு வரும் கூட்டம், ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், டீக்கடை, பூக்கடை, நடுவில் மைக்கோடு ரெண்டு பேர், செல்போனோடு ஒருத்தர். "அக்கா, ஒரே ஒரு கேள்வி!" என்று ஆரம்பிக்கும். பதில் சொன்னவர் பஸ் ஏறிப் போய்விடுவார். ராத்திரி அது ரீல்ஸாக வந்துவிடும்.

அவர் சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னாரே, அது சம்மதம் இல்லையா? பிரச்சினையே இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

சென்னையில் என்ன நடந்தது?

2024-ல் சென்னையில் 'வீரா டாக்ஸ் டபுள் எக்ஸ்' என்ற யூடியூப் சேனலைச் சேர்ந்த மூன்று பேரை கீழ்ப்பாக்கம் போலீஸார் கைது செய்தார்கள். தொகுப்பாளர், ஒளிப்பதிவாளர், சேனல் உரிமையாளர் என மூவருமே இருபதுகளில் இருந்தவர்கள். அண்ணா நகர் பகுதியில் ஒரு இளம்பெண்ணிடம் காதல் பற்றிக் கேள்வி கேட்டு வீடியோ எடுத்திருக்கிறார்கள். "உங்க அனுமதி இல்லாம போட மாட்டோம்" என்று சொன்னதாகவும், பிறகு அனுமதி கேட்காமலே வெளியிட்டதாகவும் புகார். வீடியோ யூடியூபில் வந்தது, இன்ஸ்டாகிராமுக்கும் போனது. கீழே வந்த கமெண்ட்டுகளைப் பார்த்து மனமுடைந்த அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். (மன உளைச்சலில் இருப்பவர்கள் 104 என்ற அரசு உதவி எண்ணையோ, சினேகா அமைப்பின் 044-24640050 என்ற எண்ணையோ அழைக்கலாம்.)

அந்தப் பெண் கேமராவுக்கு முன்னால் தானாக நின்று பேசியவர்தான். மறைந்திருந்து யாரும் எடுக்கவில்லை. எடுப்பதற்கு அவர் சரி சொன்னார், வெளியிடுவதற்குச் சொல்லவில்லை என்பதுதான் புகாரின் மையம்.

இதற்கு மூன்று வருஷம் முன்னால், 2021 ஜனவரியில், பெசன்ட் நகர் கடற்கரையில் எடுத்த ஒரு வீடியோவுக்காக 'சென்னை டாக்ஸ்' சேனலைச் சேர்ந்த மூன்று பேர் கைதானார்கள். அதில் பேசிய பெண்ணின் புகார் வேறு மாதிரி. பணம் கொடுத்துப் பேச வைத்தார்கள், கமெண்ட் பகுதியை மூடிவிடுவோம் என்றார்கள், ஆனால் மூடவில்லை என்றார். அதாவது வெளியிட சம்மதம் இருந்தது, எந்த நிபந்தனையில் என்பதில்தான் தகராறு.

ரெண்டு சம்பவத்திலும் வாக்குறுதி வாயோடு போய்விட்டது. காகிதத்தில் இருந்திருந்தால் ரெண்டு தரப்புக்கும் ஒரு பிடி இருந்திருக்கும்.

பொது இடம்தானே, எடுக்கக் கூடாதா?

எடுக்கலாம். பொது இடத்தில் வீடியோ எடுப்பதையே மொத்தமாகத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தைத் தூரத்திலிருந்து ஒரு ஷாட் எடுத்தால், அதில் வரும் நூறு பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. (கேமரா ஸ்டாண்டு, லைட்டு என்று படப்பிடிப்பு மாதிரி நடத்தினால் கதை வேறு. இடம் மாநகராட்சியுடையது, அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.)

ஆனால் ஒருவரைத் தனியாகப் பிடித்து, முகமும் குரலும் தெரிகிற மாதிரி, அவரையே விஷயமாக்கி வெளியிடும்போது நிலைமை மாறுகிறது. இதற்கான அடிப்படையைப் போட்டதே ஒரு தமிழ்நாட்டு வழக்குதான். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவது தொடர்பாக 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒருவருடைய தனிப்பட்ட வாழ்க்கையைப் பற்றி, அது உண்மையாகவே இருந்தாலும், அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்றது. பொது ஆவணங்களில் இருக்கும் விஷயமும், அரசு ஊழியர்கள் தங்கள் கடமையில் செய்வதும் விதிவிலக்கு. ஆட்டோ சங்கர் கதை விஷயத்தில் பத்திரிகைதான் ஜெயித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு வகுத்த தனியுரிமைக் கொள்கை நிலைத்துவிட்டது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்றே உறுதி செய்தது.

இதோடு, பெண்களைக் கூச்சப்பட வைக்கும் கேள்வி, பின்தொடர்ந்து எடுப்பது, ஆபாசத் தலைப்பு என்று போனால் நேரடியாகக் கிரிமினல் வழக்கு. அதற்கு எந்த ஃபாரமும் கேடயம் ஆகாது.

ஒரு சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம்

கற்பனையாக ஒரு குழு. சத்திரத்தில் 'திருச்சியின் சாயங்கால ஸ்நாக்ஸ்' என்று வீடியோ எடுக்கிறார்கள். மூன்று பேர் பேசுகிறார்கள்: ஒரு கல்லூரி மாணவி, பஜ்ஜிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், யூனிஃபார்ம் போட்ட எட்டாம் வகுப்புப் பையன்.

மாணவியிடம் எப்போது கையெழுத்து வாங்குவது? பேசி முடித்த பிறகு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பஸ் வந்துவிட்டால் அவர் படிக்காமலே போட்டுவிட்டுப் போவார், அந்தக் கையெழுத்துக்குப் பெரிய மதிப்பில்லை. எதற்கு எடுக்கிறோம், எங்கே போடப்போகிறோம் என்பதை மைக் நீட்டும் முன் சொல்ல வேண்டும். பேசி முடித்ததும், அவர் என்ன பேசினார் என்பது அவருக்கே தெரிந்த பிறகு, கையெழுத்து. ஃபாரம் ஒரு பக்கம்கூட வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"இன்று (தேதி) சத்திரம் பேருந்து நிலையத்தில், (தலைப்பு) பற்றி, (சேனல் பெயர்) என்னை வீடியோ எடுத்தது. இதை அவர்களுடைய யூடியூப், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் மட்டும் வெளியிட சம்மதிக்கிறேன். விளம்பரத்துக்குப் பயன்படுத்த சம்மதம்: உண்டு / இல்லை. பொருள் மாறும்படி வெட்டவோ, நான் சொல்லாததைத் தலைப்பாகப் போடவோ கூடாது. வெளியிடும் முன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நான் கேட்டால் (   ) நாளுக்குள் நீக்க வேண்டும்."

கீழே ரெண்டு தரப்புப் பெயர், போன் நம்பர், கையெழுத்து. முக்கியமானது: அதை ஒரு போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்புங்கள். ஒரு காப்பி உங்களிடம் மட்டும் இருந்தால் அது ஒப்பந்தம் மாதிரித் தெரியாது, பொறி மாதிரித் தெரியும்.

இணையத்தில் கிடைக்கும் ஆங்கில ஃபாரங்களை அப்படியே இறக்கிப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க. "உலகம் முழுவதும், நிரந்தரமாக, எந்த ஊடகத்திலும், எந்த மாற்றத்தோடும்" என்ற வரி அதில் கட்டாயம் இருக்கும். சினிமா கம்பெனிகளுக்காக எழுதப்பட்டது அது. பஸ்ஸுக்கு நிற்பவரிடம் அதில் கையெழுத்து வாங்கிவிட்டு, "எல்லாம் புரிஞ்சுதான் போட்டாங்க" என்று பிறகு சொன்னால் யார் நம்புவார்கள்?

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால்? ஃபாரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, "இதை யூடியூபில் போடலாமா?" என்று கேமராவிலேயே கேட்டு, அவர் பதிலைப் பதிவு செய்யலாம். கேள்வியில் 'போடலாமா' என்ற வார்த்தை இருக்கணும். 'எடுக்கலாமா' என்று மட்டும் கேட்டால் மறுபடி அண்ணா நகர் கதைதான்.

கடைக்காரர் சரின்னுட்டார், வேலை பார்க்கிறவர்?

பஜ்ஜிக் கடை அண்ணன் விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். முதலாளி "தாராளமா எடுங்க தம்பி, கடைக்கு விளம்பரம்" என்பார். அவர் தருவது கடைக்குள் எடுப்பதற்கான அனுமதி. தன்னிடம் வேலை பார்ப்பவரின் முகத்துக்கு அவர் சம்மதம் தர முடியாது.

முதலாளி பக்கத்தில் நிற்கும்போது அந்த அண்ணன் வேண்டாம் என்று சொல்வாரா? மாட்டார். அதனால் அவரைத் தனியாக, முதலாளி காதில் விழாத இடத்தில் கேளுங்கள். தயங்கினால், "கையை மட்டும் எடுக்கிறோம், முகம் வராது" என்று ஒரு வழியை நீங்களே கொடுங்கள். எண்ணெய்ச் சட்டியும் கரண்டியும் போதும், அந்த ஷாட்டுக்கு முகமே தேவையில்லை. கடன்காரருக்குப் பயந்து வேறு ஊரில் வேலை பார்ப்பவர், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர், இப்படி ஆயிரம் காரணம் இருக்கும். அதை அவர் உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

பசங்க விஷயம் தனி

எட்டாம் வகுப்புப் பையன் சந்தோஷமாகக் கையெழுத்து போடுவான். அது செல்லாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. அப்பா, அம்மா அல்லது சட்டப்படியான காப்பாளர் கையெழுத்து வேண்டும். கூட வந்த பக்கத்து வீட்டு அக்காவும், டியூஷன் வாத்தியாரும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும் என்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; சம்மதம் தொடர்பான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. சொந்த, குடும்ப உபயோகத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் விளம்பர வருமானம் வரும் சேனலை 'குடும்ப உபயோகம்' என்று சொல்லித் தப்பிப்பது கஷ்டம் என்றே தோன்றுகிறது.

பெற்றோர் சம்மதித்தாலும் ஒரு விஷயத்தைப் பாருங்கள். யூனிஃபார்மில் பள்ளி முத்திரை இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். பையன் பெயர், பள்ளி, தினமும் எத்தனை மணிக்கு எந்த பஸ்ஸுக்கு நிற்பான் என்பது வரை ஒரே ஷாட்டில் வந்துவிடும். அதை மறைத்துத்தான் போடணும். பஸ் ஸ்டாண்டில் பிச்சை எடுக்கும், தனியாகத் திரியும் குழந்தைகளை "உதவி கிடைக்கட்டும்" என்று எடுப்பது இன்னும் ஆபத்து. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், ரெண்டும்கூட விதிக்கலாம். கேமராவை மூடிவிட்டு 1098-க்கு போன் போடுங்க.

என் வீடியோவை யாரோ போட்டுட்டாங்க, இப்போ என்ன?

முதலில் லிங்க்கையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள், தேதி, நேரம், சேனல் பெயர் தெரிகிற மாதிரி. பலர் கோபத்தில் முதலில் சேனலுக்கு போன் செய்துவிடுகிறார்கள். அவர்கள் வீடியோவை நீக்கிவிட்டு வேறு பக்கத்தில் மறுபடி போட்டால் கையில் ஆதாரம் இருக்காது.

அடுத்து சேனலுக்கு எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, நீக்கச் சொல்லுங்கள். கூடவே யூடியூபின் தனியுரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்பலாம். அதில் உங்கள் முகமோ குரலோ வீடியோவில் எந்த நிமிஷத்தில் வருகிறது என்று சரியாகக் குறிப்பிட வேண்டும், நீங்கள்தான் அது என்று அடையாளம் தெரிய வேண்டும். வீடியோ போட்டவருக்கு யூடியூப் 48 மணி நேரம் அவகாசம் தரலாம். அதற்குள் அவர் எடுக்காவிட்டால் அவர்களே பார்த்து முடிவெடுப்பார்கள். செய்தி மதிப்பு, பொது நலன் இருக்கிறதா என்பதையும் பார்ப்பதால், எல்லாப் புகாரும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.

மிரட்டல், அசிங்கமான தலைப்பு, பணம் கேட்பது என்று இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். cybercrime.gov.in தளத்திலோ பக்கத்துக் காவல் நிலையத்திலோ உடனே புகார் கொடுக்கலாம். பெண்களுக்கு 181 உதவி எண்ணும் இருக்கிறது.

நீங்கள் கையெழுத்து போட்ட ஃபாரம் அவர்களிடம் இருந்தாலும் புகார் கொடுக்கலாமா? கொடுக்கலாம். எந்தத் தலைப்புக்கு, எந்தப் பக்கத்தில் போட சம்மதித்தீர்களோ, அதைத் தாண்டினால் அந்தக் கையெழுத்து அங்கே அவர்களுக்கு உதவாது. ஸ்நாக்ஸ் பற்றிப் பேசியதை வெட்டி, 'திருச்சிப் பொண்ணு என்ன சொல்றா பாருங்க' என்று போட்டால், அந்த ஃபாரம் உங்கள் பக்கத்துச் சாட்சியாகவே மாறிவிடும்.