தலைக்கு ஓர் எல்லை, தண்டுக்கு வேறோர் எல்லை

ஒரே தட்டில் பல பொருள்களை அடுக்கடுக்காகச் சேர்த்து வளர்க்காமல், ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததை அடியிலிருந்து தொடங்கும் முறை, முப்பரிமாண அச்சுக்கூடங்களில் பரவலாகக் கையாளப்படுகிறது. பாதியில் மின்சாரம் நின்றாலும் முடிந்தவை முடிந்தவையாகவே இருக்கும் என்பதும், பொருளுக்குப் பொருள் நாசில் தாவுவதால் விழும் பிளாஸ்டிக் இழைகள் குறையும் என்பதும் இதன் ஆதாயங்கள். ஆனால் முடிந்த பொருள் தட்டிலேயே நிற்க, நாசில் மீண்டும் தட்டின் மட்டத்துக்கு இறங்குவதால், மோதலைத் தவிர்க்க இருவேறு எல்லைகளைக் கணக்கிட வேண்டியுள்ளது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது பல மோதல்களுக்குக் காரணம்.

முதலாவது தலையின் எல்லை. நாசிலைச் சுற்றியுள்ள விசிறி, காற்றுக்குழல், உணரி ஆகியவை நாசில் முனைக்குச் சில மில்லிமீட்டர் மேலேயே தொங்குவதால், அவற்றின் வீச்சுக்குள் அந்தச் சில மில்லிமீட்டரைவிட உயர்ந்து நிற்கும் எந்தப் பொருளும் இடிபடும். இரண்டாவது கேன்ட்ரியின் எல்லை, அதாவது தலையைத் தாங்கி இடவலமாகத் தட்டின் முழு அகலத்துக்கும் நீளும் தண்டுகளின் அடிமட்டம். தலையிலிருந்து வெகுதூரம் தள்ளி நின்றாலும், அதே வரிசையில் உள்ள பொருள் இத்தண்டின் அடியில் போய்வரும். ஆகவே அங்கே இடைவெளி உதவாது, உயரம் மட்டுமே கணக்கு.

தட்டு முன்பின்னாக ஓடும் வகைக் கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தட்டு 220 மி.மீ. சதுரம், நாசில் தட்டைத் தொடும் நிலையில் தண்டின் அடிமட்டம் 25 மி.மீ. உயரத்தில் உள்ளது, தலை நாசிலிலிருந்து இடப்புறம் 45, வலப்புறம் 20, முன்னால் 30 மி.மீ. நீள்கிறது, தண்டு நாசிலுக்குப் பின்னால் அமைந்துள்ளது. அச்சிட வேண்டியவை 30 மி.மீ. விட்டமும் 22 மி.மீ. உயரமும் உள்ள மூடிகள். தலையை ஒரு வட்டமாகக் கருதும் மென்பொருளில் மிகப் பெரிய அளவான 45-ஐயே ஆரமாகக் கொடுக்க வேண்டியிருப்பதால், இரு திசையிலும் வரிசைக்கு மூன்று மூடிகளே கொள்ளும். நான்கு வைக்க 255 மி.மீ. தேவைப்படும். தலையின் உருவத்தைப் பலகோணமாக ஏற்கும் கியூரா போன்றவற்றில், வலமிருந்து இடமாக அச்சிட்டால் முடிந்தவை எப்போதும் தலையின் குறுகிய வலப்புறத்திலேயே நிற்கும் என்பதால், 20 மி.மீ. இடைவெளி போதும், நான்கு மூடிகள் 180 மி.மீட்டரில் அடங்கிவிடும். முன்னிருந்து பின்னாக 30 மி.மீ. இடைவெளியில் நான்கு வரிசைகள் 210 மி.மீட்டரில் அமையும். ஒன்பது மூடிகள் பதினாறாவது தலையின் உருவத்தைக் கணக்கில் கொண்டு அச்சிடும் வரிசைமுறையை அதற்கேற்ப அமைத்ததால்தான். பொருளின் அடியைச் சுற்றிப் பிரிம் என்னும் விளிம்புப்படலம் இட்டால், நாசில் அதன் வெளியோரம் வரை செல்லும் என்பதால், அந்த அகலத்தையும் இடைவெளியோடு கூட்ட வேண்டும்.

மூடிக்குப் பதில் 40 மி.மீ. உயரக் குப்பி என்றால் தண்டு இடிக்கும் என்று ஸ்லைசர் மறுக்கும். கடைசியாக அச்சிடப்படும் பொருளுக்கு மட்டும் இத்தடை பொருந்தாது; அதற்குப் பின் தண்டு கீழே இறங்கப்போவதில்லை. எனினும் வரிசைக்கு ஒன்றாக, முன்னிருந்து பின்னாக அச்சிட்டால், முடிந்த குப்பி எப்போதும் தண்டுக்கு முன்னாலேயே நிற்கும். நான்கு குப்பிகளைப் பழுதின்றி எடுக்கலாம். இதற்காக உயர எல்லையைப் பொய்யாகக் கூட்டி எழுதுவோர் அந்த மதிப்பைப் பொது அமைப்பில் சேமித்துவிடக் கூடாது. அடுத்த வேலையைத் தொடங்குபவருக்கு அது தெரியாது.

மூடிய பெட்டிக்குள் தட்டு கீழிறங்கும் வகைக் கருவிகளில் மூன்றாவதாக ஓர் எல்லையும் உண்டு. அடுத்த பொருளுக்காகத் தட்டு மேலே வரும்போது, முடிந்த பொருள் தண்டைத் தாண்டி மேற்கூரையை முட்டக்கூடும் என்பதால், ஆர்க்காஸ்லைசர் `Height to rod`, `Height to lid` எனத் தனித்தனியே கேட்கிறது. முன்பின் வரிசை உத்தி தண்டின் எல்லையைக் கடக்க உதவும். கூரையை எந்த உத்தியும் உயர்த்தாது.

அமைப்புக் கோப்பில் வரும் எண்கள் ஆலையிலிருந்து வந்த தலைக்கு உரியவை. விசிறிக்குழலையோ நாசிலையோ மாற்றியவர்கள், நாசிலைத் தட்டில் தொடவைத்து, தண்டு மட்டுமின்றிப் பெல்ட், மோட்டார் தாங்கி, தொங்கும் கம்பிக்கட்டு ஆகியவற்றுள் எது தாழ்ந்ததோ அதுவரை அளக்க வேண்டும். அதிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டரைக் கழித்தே எழுதுவது நல்லது, ஏனெனில் பொருளின் ஓரங்கள் சுருண்டு எழும்புவது உண்டு. பொருள்களுக்கு இடையே இயங்குமாறு எழுதப்படும் கட்டளைகளில் `G28` இருக்குமானால், தட்டின் நடுவில் உயரம் தொட்டுப் பார்க்கும் கருவிகளில் தலை அங்கே நிற்கும் பொருளின் மேலேயே இறங்கும். முடிந்த பொருளின் மேல்விளிம்பில் பளபளப்பான உரசல் தடம் தெரிந்தாலோ, அடுத்த பொருளின் அடுக்குகள் ஏதோ ஓர் உயரத்திலிருந்து பக்கவாட்டில் நகர்ந்திருந்தாலோ, பெல்ட்டை முறுக்குவதற்கு முன் இந்த அளவுகளைச் சரிபார்ப்பதே முறை.