இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிற கடிதம்

பிழை திருத்துவது என்றால் எங்களில் பலருக்கு ல, ள, ழ பார்க்கிற வேலைதான். ஒருவருக்கு எழுதும் கடிதத்துக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்தி எழுதுகிற மின்னஞ்சலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். தன்னைப் பற்றி மற்றவருக்கு என்ன சொல்லியிருக்கு என்றுதான் இருவரும் முதலில் பார்ப்பார்கள். ஒருவர் முன்னால் வைத்து மற்றவரிடம் ஒன்றைக் கேட்டால், "ஏலாது" என்று சொல்ல எங்கட ஆக்களுக்கு வாய் வராது. அதனால் இந்தக் கடிதத்தில் தேட வேண்டியது எழுத்துப்பிழையைவிட, யாரையாவது மாட்டிவிடுகிற வசனத்தைத்தான் என்பது எங்கள் கருத்து.

எங்கட நண்பி ஒருத்தி எழுதின வரைவையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம், ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர். மட்டக்களப்புக் கிராமங்களில் ஆடின வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பதிவுசெய்த 40 கசெட்டுகள் அவருடைய அலுமாரியில் இருக்கு. மறுபக்கம், கொழும்பில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறவர். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறவர். இரண்டு பேரும் சந்திக்கத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. வரைவின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"மிஸ், நாங்கள் சொன்ன பெடியன் இவர்தான், நல்ல கெட்டிக்காரன். உங்கட கசெட் எல்லாத்தையும் இலவசமாகவே மாற்றித் தருவார். சின்ன வேலைதான். மிஸ்ஸுக்கு இப்ப உடம்பும் ஏலாது, கெதியாச் செய்தால் நல்லம். இவருடைய போன் நம்பரைக் கீழே போட்டிருக்கிறோம்."

இதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. பாசமாகவும் இருக்கு. ஆனால் ஒலிப்பதிவாளராக இருந்து வாசித்துப் பாருங்கோ. "இலவசமாக" என்று அவர் சொல்லவேயில்லை. "செய்யலாம், கதைப்போம்" என்றுதான் சொல்லியிருந்தார். இப்போது மிஸ்ஸுக்கு முன்னால் காசு கேட்டால் அவர் பேராசைக்காரர், கேட்காவிட்டால் நட்டம். அடுத்தது அந்தச் "சின்ன வேலை". கசெட்டை கோப்பு மாதிரி இழுத்துப் போட முடியாது. ஓடவிட்டு, ஓடுகிற நேரம் முழுக்கப் பதிய வேண்டும். C-90 கசெட் என்றால் ஒரு பக்கம் 45 நிமிடம், இரண்டு பக்கமும் 90 நிமிடம். 40 கசெட்டுக்கு 60 மணித்தியாலம். பூஞ்சணம் பிடித்ததைத் துப்புரவாக்குவதும், பிறகு சத்தத்தைச் சீராக்குவதும் இந்தக் கணக்கில் இல்லை. இதெல்லாம் தெரியாத மிஸ் அடுத்த கிழமையே பதிலை எதிர்பார்ப்பார்.

இனி மிஸ்ஸாக இருந்து வாசிப்போம். தன்னுடைய உடல்நிலையை, முகம் தெரியாத ஒருவருக்கு மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள். அவசரத்தைக் காட்டத்தான் எழுதினாள், விளங்குது. ஆனால் அந்த அவசரத்தை எல்லா நாடாக்களும் பழசு என்ற ஒரே வசனம் காட்டிவிடும். "பெடியன்" என்ற சொல்லும் நாங்கள் தங்களுக்குள்ள கதைக்கிற சொல். அந்தப் பெடியனும் அதை வாசிப்பார் என்பது எழுதும்போது மறந்துபோகும்.

விளிப்பில் நாங்கள் அதிக நேரம் மினக்கெட்டோம். "மதிப்புக்குரிய மிஸ், அன்பின் அண்ணா" என்று தொடங்கியிருந்தது. எழுதுகிறவருக்கு அது சரியான உறவுதான். ஆனால் ஒருவருக்கு மதிப்பையும் மற்றவருக்கு அன்பையும் ஒரே வரியில் கொடுத்தால், இரண்டு தொழில்காரர்கள் சந்திக்கிற இடத்தில் ஒருவர் ஒரு படி கீழே நிற்கிறார். அண்ணா என்பதைத் தனியாக எழுதும்போது வைத்துக்கொள்ளலாம். இங்கே இருவருக்கும் "அவர்கள்" போதும். வயதில் மூத்தவரின் பெயர் முதலில் வரட்டும். திருமதியா செல்வியா என்று ஊகிக்கவும் வேண்டாம். இன்னொன்று, மின்னஞ்சல் கணக்கில் எங்கட ஆக்கள் தகப்பன் பெயரை முன்னுக்கும் போடுவார்கள், பின்னுக்கும் போடுவார்கள். திரையில் தெரிகிற பெயரின் கடைசிச் சொல்லைப் பிடித்து விளித்தால் அவருடைய அப்பாவைக் கூப்பிட்டதாக முடியும். அவர் தன் கடிதத்தின் அடியில் எப்படிக் கையெழுத்து வைக்கிறாரோ, அந்தப் பெயரையே எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுவது பாதுகாப்பு.

நம்பரை எடுத்துவிட்டோம். இரண்டு முகவரியும் ஏற்கெனவே கடிதத்தில் இருக்கு, தொலைபேசியைத் தருவதா என்று அவரவர் தீர்மானிக்கட்டும். திருத்தின கடிதம் இது:

"விடயம்: அறிமுகம் – கூத்து ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுதல்

மதிப்புக்குரிய ……… அவர்களுக்கும் ……… அவர்களுக்கும்,

வணக்கம். இருவரிடமும் கேட்டபடி இந்த அறிமுகத்தை எழுதுகிறோம்.

……… அவர்கள் ஓய்வுபெற்ற விரிவுரையாளர். மட்டக்களப்பில் பதிவுசெய்த கூத்து ஒலிநாடாக்கள் 40 அவரிடம் உள்ளன, பெரும்பாலானவை C-90. சிலவற்றில் பூஞ்சணம் உள்ளது. ……… அவர்கள் கொழும்பில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறார். பழைய நாடாக்களை மாற்றும் அனுபவம் உள்ளவர்.

முதலில் ஓரிரு நாடாக்களைப் பரிசோதிப்பது பற்றி விரிவுரையாளர் எழுதுவார். காலம், செலவு முதலியவற்றை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளலாம்.

நன்றி."

வரைவில் 20 வரிக்கு மேல் இருந்தது இவ்வளவுக்குள் வந்துவிட்டது. பெரியாக்களுக்கு இப்படி மொட்டையாக எழுதலாமோ என்று நண்பி கேட்டாள். நியாயமான கேள்வி. நலம் விசாரிக்காமல் கடிதம் தொடங்குவது எங்களுக்கும் கூச்சம்தான். ஆனால் வெட்டின வரிகளில் பாதிக்கு மேல் எங்களைப் பற்றியது: எங்கட குழு, எங்கட ஆர்வம், மிஸ்ஸிடம் நாங்கள் படித்த காலம். அது ஒலிப்பதிவாளருக்குத் தேவையில்லை. அவருக்குத் தேவையான எண்ணிக்கை, அளவு, நிலைமை மூன்றும் அந்த நீளத்துக்குள் எங்குமே இருக்கவில்லை. பிறகு மிஸ்ஸிடம் கேட்டுத்தான் சேர்த்தோம். நலம் விசாரிக்க வேண்டுமென்றால் மிஸ்ஸுக்குத் தனியாக எழுதலாம், அல்லது வீட்டுக்கே போகலாம்.

"முதலில் விரிவுரையாளர் எழுதுவார்" என்ற வசனத்தை ஒருபோதும் வெட்டக்கூடாது. அது இல்லாவிட்டால் மற்றவர் எழுதட்டும் என்று இருவருமே மரியாதையாகக் காத்திருப்பார்கள், கடிதம் அப்படியே கிடக்கும். உதவி யாருக்குத் தேவையோ அவர் தொடங்குவதுதான் முறை, அதற்கு அவர் சம்மதித்திருக்கவும் வேண்டும். "இருவரிடமும் கேட்டபடி" என்ற வரியும் உண்மையாக இருக்க வேண்டும். ஒருவர் இன்னும் ஓம் சொல்லவில்லை என்றால், எவ்வளவு திருத்தினாலும் அந்தக் கடிதம் அனுப்பத் தயாரில்லை. இல்லை என்று சொல்ல அவருக்கு இருக்கிற ஒரே வசதியான இடம், நாங்கள் தனியாகக் கேட்கிற அந்த நேரம்தான்.

கடைசியாக இரண்டு சின்ன விஷயம். பாமினியில் அடித்து ஒட்டின கடிதம், மற்றவருடைய திரையில் "வணக்கம்" என்பதற்குப் பதிலாக "tzf;fk;" என்று நிற்கலாம்; யூனிகோடில் இருக்கா என்று உங்களுக்கே ஒருமுறை அனுப்பி, போனில் திறந்து பாருங்கோ. மற்றது, இருவரையும் To-வில் போடுங்கோ. ஒருவரை Cc-யில் போட்டால் அவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறவர் மாதிரித் தெரியும். முதல் பதில் வந்த பிறகு, மிஸ் Reply all அடித்தாலும், விலை பேசுகிற கடிதங்களில் நாங்கள் இருக்கத் தேவையில்லை. "இனி நீங்கள் இருவரும் தொடருங்கள், எங்களை எடுத்துவிடலாம்" என்று ஒரு வரி அனுப்பினோம். அடுத்த கடிதத்தில் எங்கள் முகவரி இருக்கவில்லை.