ஏழு இரவு வேலை, ஆறு நாள் கூலி

சனிக்கிழமை இரவு பத்து மணி. தி.நகர் ரங்கநாதன் தெருவில் கடைகள் ஷட்டரை இறக்கத் தொடங்கும் நேரம். பாலித்தீன் பைகள், அட்டைப் பெட்டிகள், கரும்புச் சக்கை, சோளக்கதிர் தோல் எல்லாம் தெருவில் கிடக்கும். அப்போதுதான் தூய்மைப் பணியாளர்கள் துடைப்பத்தோடு இறங்குவார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர்கள் வேலை முடிக்கும்போது, மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஞாயிற்றுக்கிழமை கோலம் போட்டிருப்பார்கள். இந்த எட்டு மணி நேரத்தில் இரண்டு மணி சனிக்கிழமை. ஆறு மணி ஞாயிற்றுக்கிழமை. அப்படியானால் இந்த வேலை எந்த நாளின் கணக்கு? போன வாரமா, இந்த வாரமா?

இது வேலையற்ற கேள்வி என்று தோன்றலாம். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை 2020ஆம் ஆண்டிலேயே தனியார் ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள் போராடியதும், 13ஆம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் நமக்கு நினைவிருக்கும். நிரந்தர வேலை, சம்பளத் தொகை பற்றியெல்லாம் நிறையப் பேசினோம். வருகைப் பதிவேட்டில் ஒரு இரவை எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள் என்பதை நாம் யாரும் அதிகம் பேசவில்லை. அந்தத் துடைப்பத்தைப் பிடித்திருப்பவர்களில் பெரும்பாலோர் நம் சேரிகளிலிருந்தும், நகரைவிட்டு வெளியேற்றிக் குடிவைக்கப்பட்ட கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிறவர்கள். ஆகவே இது நம் கணக்கு.

சட்டம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் நாள் என்பது நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரமாக இருந்தது. வாரம் என்பது சனி நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாளாக இருந்தது. (வேறு ஒரு நாளில் தொடங்கவும் தலைமை ஆய்வாளர் அனுமதிக்க முடிந்தது.) ஆனால் ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால் இந்த அளவுகோல் மாறியது. அந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, நள்ளிரவுக்குப் பிறகு செய்த மணி நேரமும் முந்தைய நாளின் கணக்கில்தான் சேர்ந்தது. வார விடுமுறை, ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம் கிடைக்க வேண்டியிருந்தது. தெருக்கூட்டுவது தொழிற்சாலை வேலை அல்லவே என்று ஒப்பந்ததாரர் சொல்லக்கூடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதே விதியைப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பிற நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டது. அந்தத் தொகுப்புச் சட்டங்களில் நாம் எதிர்ப்பவை பல உண்டு. இந்த ஒரு பிரிவை மட்டும் கையில் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாண்டி பஜாரில் கூட்டும் ஒரு அக்கா ஞாயிறு இரவு முதல் சனி இரவு வரை, ஏழு இரவும் பத்து மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு வேலையை மேற்பார்வையாளர், அது முடிந்த தேதியான திங்கள் கட்டத்தில் எழுதுகிறார். திங்கள் இரவு, செவ்வாய்க் கட்டத்தில். இப்படியே வெள்ளி இரவு, சனிக் கட்டத்தில். சனி இரவு வந்ததும் மட்டும் வேலை தொடங்கிய தேதியை எடுத்துக்கொள்கிறார்; அதுவும் சனிக் கட்டம். அங்கே ஏற்கெனவே ஒரு குறி இருக்கிறது. ஒரு தேதிக்கு ஒரு கட்டம்தான். ஏழாவது இரவு அங்கே மறைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலியாக இருப்பதால் அதில் 'வார விடுமுறை' என்று அழகாக எழுதிவிடலாம். ஏழு இரவு உழைத்தவருக்கு ஏட்டில் ஆறு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு.

சரியான கணக்கு இது. ஒவ்வொரு இரவும் அது தொடங்கிய நாளுக்கு. ஞாயிறு முதல் சனி வரை ஏழு நாளும் ஒரே வாரம். ஏழு எட்டு 56 மணி நேரம். வாரத்துக்கு 48 மணிதான் உச்சவரம்பு. மீதி 8 மணிக்கு இரட்டைக் கூலி. நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்தால், ஆறு நாளுக்கு 3,600, ஏழாவது இரவுக்கு 1,200, மொத்தம் 4,800 ரூபாய் வர வேண்டும். ஏடு சொல்வது 3,600. ஒரு வாரத்தில் 1,200 ரூபாய் போயிற்று. கூலியை இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டாலும் விடுமுறையே இல்லாமல் ஏழு நாள் வேலை வாங்கியது தனிக் குற்றம். பணத்தால் அது சரியாகிவிடாது.

இந்த 48 மணி நேரம் யாரோ இரக்கப்பட்டுத் தந்ததல்ல. 54 ஆக இருந்த வார வேலை நேரத்தை 48 ஆகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர், அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த அண்ணல் அம்பேத்கர். அவர் குறைத்த ஆறு மணி நேரம்தான் நள்ளிரவுக்குப் பின் உள்ள ஆறு மணி நேரத்தில் மாயமாகிறது!

தேதி மாற்றி எழுதாமலும் இது நடக்கும். நேரத்தை நள்ளிரவில் வெட்டினால், அதே அக்காவுக்கு ஞாயிறு 2 மணி, திங்கள் முதல் சனி வரை தினம் 8 மணி, ஆக 50 மணிதான் வரும். சனி இரவின் கடைசி ஆறு மணி அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படும். அடுத்த வாரம் அவர் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தால், தள்ளிய ஆறு மணியும் 48க்குள் கரைந்துவிடும். எட்டு மணி மிகைநேரத்தில் இரண்டு மட்டும் மிஞ்சும்.

முகத்தைக் காட்டி வருகை பதிவு செய்யும் செயலி இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்கலாம். செயலியில் நாள் எந்த நேரத்தில் மாற வேண்டும் என்று ஒரு அமைப்பு உண்டு. அதை நள்ளிரவு பன்னிரண்டிலேயே விட்டுவைத்தால், பத்து மணிக்கு உள்ளே வந்த பதிவுக்கு வெளியேறிய பதிவு இருக்காது. ஆறு மணிக்கு வெளியேறிய பதிவுக்கு உள்ளே வந்த பதிவு இருக்காது. இரண்டு நாளும் 'முழுமையில்லை' என்று காட்டும். அதைச் சரிசெய்யும் பொறுப்பு மறுபடியும் மேற்பார்வையாளரின் கைக்கே வரும். இரவு ஷிப்டுக்கு அந்த நேரத்தைப் பகல் பன்னிரண்டுக்கு மாற்றி வைத்தாலே போதும். ஓர் இரவு ஒரே நாளில் அடங்கிவிடும்.

திண்டுக்கல், ஈரோடு, விருதுநகர் பக்கம் நூற்பாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். விடுமுறையைச் சோதிப்பது சுலபம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு விட்டு, அன்றிரவு பத்து மணிக்கே திரும்ப வரச் சொன்னால் நடுவில் கிடைப்பது 16 மணி நேரம். ஏட்டில் ஞாயிறு விடுமுறை என்றே இருக்கலாம். சட்டப்படி அது விடுமுறை இல்லை. ஓர் இரவு முழுதும் வேலை இல்லாமல் திங்கள் இரவு வந்தால்தான் விடுமுறை.

அம்மாவோ அக்காவோ இரவு வேலைக்குப் போகும் வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து இரண்டு கிழமையையும் சேர்த்தே எழுதிவையுங்கள்: 'சனி இரவு 10, ஞாயிறு காலை 6'. கையெழுத்து வாங்க முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டாலும் எழுதுங்கள். மாதக் கடைசியில் தேதிகளை எண்ண வேண்டாம். இரவுகளை எண்ணிச் சம்பளச் சீட்டில் உள்ள நாட்களோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் அந்த நோட்டோடும் சீட்டோடும் சங்கத்துக்கோ, தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்துக்கோ போகலாம். பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. முதலில் சனிக்கிழமைக் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.