‘மனசு சரியில்லை’ என்பது பதில் அல்ல

நம் வீடுகளில் ஒருவர் முகம் வாடியிருந்தால் காரணம் கேட்கிறோம். “மனசு சரியில்லை”, “ஒரு மாதிரியா இருக்கு” என்று பதில் வருகிறது. உடனே நாம், “ஸப்ரு செய், ஈமானை உறுதிப்படுத்திக்கொள்” என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். கேட்டவருக்குக் கடமை முடிந்தது. சொன்னவருக்கு நெஞ்சில் ஒன்றும் குறையவில்லை. எதற்காக ஸப்ரு செய்ய வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. இந்தப் பழக்கத்தை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்துவதை நான் மறுக்கிறேன்.

வேதனையைப் பெயர் சொல்லி வெளிப்படுத்துவது பொறுமைக்கு மாற்றம் என்று சிலர் கருதுகின்றனர். அவர்கள் யூஸுஃப் அத்தியாயத்தை முழுமையாக ஓதிப் பார்க்கட்டும். அழகிய பொறுமையை மேற்கொள்வதாகச் சொன்ன யஃகூப் (அலை) அவர்களே, அதே அத்தியாயத்தின் 86ஆம் வசனத்தில் தம் துயரத்தை அல்லாஹ்விடம் முறையிடுகிறார்கள். அங்கே ஒரு சொல் அல்ல, இரு சொற்கள் உள்ளன: அடக்க முடியாமல் வெளிப்படும் வேதனை ‘பஸ்’, உள்ளத்தில் தங்கிய துக்கம் ‘ஹுஸ்ன்’. பெயர் சொன்னதால் அவர்களின் பொறுமை குறைந்துவிட்டதா?

நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடிய ஒரு துஆவை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அது புகாரியில் பதிவாகியுள்ளது. நம்மில் பலருக்கு அது மனப்பாடம். அதில் ‘கெட்ட மனநிலை’ என்று ஒரே வார்த்தையில் கேட்கப்படவில்லை. ‘ஹம்’மும் ‘ஹஸன்’னும் தனித்தனியே வருகின்றன, ‘அஜ்ஸ்’ஸும் ‘கஸல்’லும் தனித்தனியே வருகின்றன. இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்ற அறிஞர்கள் இந்த இணைகளைப் பிரித்து விளக்கியுள்ளனர். வரவிருப்பதை எண்ணி வாடுவது ஹம். நடந்து முடிந்ததை எண்ணி வருந்துவது ஹஸன். செய்ய இயலாமை அஜ்ஸ். இயன்றும் மனம் நகராமை கஸல். இவ்வளவு நுட்பமான சொற்களைத் தினமும் ஓதும் நாம், பிள்ளையிடம் மட்டும் ‘மனசு சரியில்லை’ என்ற பதிலோடு திருப்தி அடைகிறோம்.

மதரஸாக்களில் நாங்கள் அடிக்கடி காணும் ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். ஹிஃப்ழு ஓதும் பதின்மூன்று வயது மாணவன். புதிய பாடம் ஓரளவு வருகிறது. பழைய பாடம் பத்து நாட்களாகச் சரிகிறது. கேட்டால், “ஒரு மாதிரியா இருக்கு ஹஸ்ரத்” என்கிறான். வீட்டில் ‘சோம்பல்’ என்கிறார்கள்; உறவினர் ‘ஷைத்தானின் ஊசலாட்டம்’ என்கிறார்கள். இன்னும் கூடுதலாக ஓத வைக்கச் சொல்கிறார்கள்.

அவனைத் தனியே அமர்த்தி, நிதானமாக நான்கு கேள்விகள் கேட்டால் போதும். உடம்பில் எங்கே தெரிகிறது? எந்த நேரத்தில் அதிகமாகிறது? நடந்ததைப் பற்றியதா, நடக்கப்போவதைப் பற்றியதா? அப்போது என்ன செய்யத் தோன்றுகிறது? அவன் சொல்கிறான்: தனக்குப் பின்னால் சேர்ந்த சிறுவன் ஓதும்போது நெஞ்சு கனக்கிறது, அவ்விடத்தைவிட்டு ஓடத் தோன்றுகிறது. அடுத்த மாதம் துபாயிலிருந்து வாப்பா வருகிறார். சொந்தக்காரர்கள் முன்னால் ஓதச் சொல்வார் என்று நினைத்தாலே வயிறு பிசைகிறது. ஆக, ‘ஒரு மாதிரி’ என்பது இரண்டு தனித்தனி உணர்வுகள். ஒன்று அந்தச் சிறுவனைப் பற்றியது. மற்றொன்று சபையில் அவமானப்படுவோமோ என்ற அச்சம்.

முதலாவதற்கு அவனே ஒரு பெயர் வைத்திருந்தான்: பொறாமை. பொறாமை பாவம் என்று பாடத்தில் படித்திருக்கிறான். ஆகவே குற்றவுணர்வும் சேர்ந்து அழுத்தியது. அவனிடம் இன்னொரு கேள்வி: “அவன் ஓதியது மறந்துபோக வேண்டும் என்று விரும்புகிறாயா?” “இல்லை ஹஸ்ரத், எனக்கும் அப்படி வர வேண்டும்.” நம் அறிஞர்கள் இதற்கு வேறு பெயர் வைத்துள்ளனர். பிறரின் அருட்கொடை அழிய வேண்டும் என்று விரும்புவது ஹஸத். அவருக்கும் நிலைத்து, தனக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்புவது கிப்தா. முன்னது தடுக்கப்பட்டது, பின்னது பாவமல்ல. ஒரு சொல் மாறியதும் அவன் தோளிலிருந்து ஒரு பாவச்சுமை இறங்கியது. பாவத்தையும் பாவமல்லாததையும் ‘மனசு சரியில்லை’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவைப்பது எவ்வளவு பெரிய அநீதி என்று சிந்தியுங்கள்!

அச்சத்துக்குத் தீர்வு வேறு. வாப்பா வருவதற்கு முன்பே தொலைபேசியில் நிலைமையைச் சொல்வது. சபையில் ஓதச் சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொள்வது. பழைய பாடத்தின் அளவைச் சில நாட்கள் குறைப்பது. கிப்தாவுக்கு இவை மருந்தல்ல. அச்சத்துக்கு ‘நீயும் முயற்சி செய்’ என்பதும் மருந்தல்ல. பெயர் பிரிந்தால்தான் வழியும் பிரியும்.

இன்றைய ஆய்வும் இதையே காட்டுகிறது. 2007இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமோ அச்சமோ தெரியும் முகப்படங்களைக் காட்டி மூளையைப் படம்பிடித்தனர். அம்முகத்தின் உணர்வுக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்துக்கு எச்சரிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் தணிந்தது. நெற்றிக்குப் பின்னுள்ள ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. அதே முகத்துக்கு ஓர் ஆளின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அந்த அளவு தணிவு இல்லை. வெறுமனே ஏதோ ஒரு சொல் போதாது. உணர்வின் சொல் வேண்டும்.

ஆயினும் வரம்புகள் உண்டு. பெயரைப் பெரியவர்கள் திணிக்கக் கூடாது. “நீ பொறாமைப்படுகிறாய்” என்பது விசாரணையல்ல, குற்றச்சாட்டு. இரண்டு மூன்று சொற்களை முன்வைத்து அவனைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? ஏக்கம், கூச்சம், ஆற்றாமை, மனத்தாங்கல், சலிப்பு, தவிப்பு என எத்தனையோ உண்டு. கோபம் கொதிக்கும்போதும் கேட்காதீர்கள். அந்நேரத்தில் மௌனம் காக்கவும், நிற்பவர் அமரவும் நபிமொழி வழிகாட்டுகிறது. உடல் தணிந்த பின்பே சொல் தேடலாம்.

சரியான பெயர் கிடைத்ததற்கு அடையாளம், “ஆமாம், அதுதான்” என்று மூச்சு தளர்வதும், அடுத்து செய்ய வேண்டியது ஒன்று கண்ணுக்குத் தெரிவதும் ஆகும். மாறாக, அதே சொல்லை நாள்தோறும் திரும்பத் திரும்பச் சொல்லித் துயரம் வளர்ந்தால், அது பெயரிடுதல் அல்ல, புண்ணைக் கிளறுதல்.

காரணமே பிடிபடாத துக்கமும் உண்டு. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் பற்றிய தம் நூலில், துக்கத்தைக் காரணம் தெரிந்தது, தெரியாதது என இரண்டாகப் பிரித்தார். இரண்டாவதை உடல் சார்ந்ததாகக் கருதி, அதற்கு உடல் மருத்துவம் தேவை என்றார். தூக்கமும் பசியும் இரண்டு வாரங்களாகக் குலைந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அதை ‘ஈமான் பலவீனம்’ என்று ஒதுக்குபவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நம் அறிஞரைவிடப் பின்தங்கியவர்.

ஸப்ரு செய்யச் சொல்லுங்கள், தவறில்லை. அதற்கு முன், எதன் மீது ஸப்ரு என்று பிள்ளையின் வாயாலேயே ஒரு சொல் வரும்வரை அருகில் அமர்ந்திருங்கள். நம் உள்ளங்களில் இருப்பதை அறிந்தவனான அல்லாஹ், அதை நாமும் அறிந்து அவனிடமே முறையிடும் பேற்றை நமக்குத் தருவானாக! ஆமீன்.